காலையில் வரும் எக்ஸ்பைரி பட்டியல்: ஜிம் சாஃப்ட்வேரா, நாமே போட்ட ஷீட்டா?

எங்கள் ஜிம் காலை 5:30க்குத் திறக்கும். ரிசப்ஷனில் இருக்கும் தம்பி வந்து உட்காரும்போதே அவன் கையில் இரண்டு விவரங்கள் இருக்க வேண்டும். யாருக்கெல்லாம் மெம்பர்ஷிப் முடியப் போகிறது அல்லது இப்போதுதான் முடிந்தது என்பது ஒன்று. முடிந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் திரும்பக் கட்டினார்கள் என்பது இன்னொன்று. முதலில் நோட்டு வைத்திருந்தோம், பிறகு இரண்டு வருடம் மாதச் சந்தாவில் ஒரு ஜிம் சாஃப்ட்வேர், இப்போது ஒரு வருடமாக கூகுள் ஷீட். நான் ஷீட் பக்கம்தான்.

நோட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சேர்ந்த தேதி வரிசையில் எழுதிய நோட்டில் முடியும் தேதியைத் தேட ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். ஐம்பது மெம்பரைத் தாண்டியதும் எங்களால் முடியவில்லை.

சாஃப்ட்வேர் பட்டியலை நன்றாகவே கொடுத்தது. முடிவதற்கு முன்பே மெம்பருக்கு மெசேஜும் தானாகப் போகும். வாசலில் கைரேகை மெஷின் வைத்திருந்தால் ஃபீஸ் கட்டாதவருக்குக் கதவு திறக்காதபடி அதிலேயே செய்யலாம். ஷீட்டால் இது முடியாது. எங்கள் வாசலில் மெஷின் இல்லாததால் எனக்கு அது இழப்பாகப் படவில்லை.

நான் மாறியதற்குக் காரணம் அந்த ரின்யூவல் சதவீதம்தான். ஒரு மார்ச் மாதம் சாஃப்ட்வேர் 75% என்று காட்டியது. ஆனால் மாலை பேட்சில் பாதி முகங்களைக் காணோம். உட்கார்ந்து கைக்கணக்குப் போட்டேன். அந்த மார்ச்சில் முடிந்த மெம்பர்ஷிப் 40. அவர்களில் 5 பேர் பிப்ரவரி கடைசி வாரத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிட்டார்கள். 17 பேர் மார்ச்சில், முடிந்து ஏழு நாளுக்குள் கட்டினார்கள். ஆக தொடர்ந்தவர்கள் 22 பேர், அதாவது 55%. சாஃப்ட்வேர் எடுத்ததோ மார்ச்சில் வந்த ரின்யூவல் பணம் மொத்தத்தையும். இந்த 17 பேரோடு, ஜனவரியிலேயே நின்றுபோய்த் திரும்பி வந்த 9 பேரையும், ஏப்ரலில் முடியப் போகிற 4 பேர் முன்கூட்டிக் கட்டியதையும் சேர்த்து 30 என்று வைத்து, 40ஆல் வகுத்திருக்கிறது. கல்லாவுக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்க அந்தக் கணக்கு உதவும். போன ஆட்களில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு உதவாது.

ஏன் அப்படி என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த சாஃப்ட்வேரில் ஒரு மெம்பருக்கு ஒரே ஒரு எக்ஸ்பைரி தேதிதான். அவர் புதுப்பித்ததும் பழைய தேதியின் மேல் புதுத் தேதி ஏறிவிடும். அதனால் மார்ச்சில் முடிந்தவர்கள் யார் என்று ஏப்ரலில் கேட்டால், கட்டாமல் போனவர்கள் பெயர் மட்டுமே வரும். எல்லா சாஃப்ட்வேரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பயன்படுத்தியது ஒன்றுதான். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை போதும். போன மாதம் முடிந்து புதுப்பித்த ஒருவரை எடுத்துக்கொண்டு, போன மாதம் முடிந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் சதவீதத்தை நம்ப முடியாது.

ஷீட்டில் நான் செய்த ஒரே முக்கியமான காரியம், ஒரு மெம்பருக்கு ஒரு வரி என்பதை விட்டுவிட்டு ஒரு பணத்துக்கு ஒரு வரி என்று மாற்றியது. புதுப்பித்தால் பழைய வரியைத் தொடவே கூடாது, கீழே புதிதாக ஒரு வரி எழுத வேண்டும். A மெம்பர் எண், B பெயர், C போன், D பிளான், E தொடக்கம், F முடிவு, G தொகை. H-இல் இது இருக்கும்:

```
=IF(COUNTIFS(A:A,A2,E:E,">="&F2,E:E,"<="&F2+7)>0,1,0)
```

அதே மெம்பர் எண்ணில், இந்த வரி முடிந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தொடங்கும் இன்னொரு வரி இருந்தால் 1. முன்கூட்டிக் கட்டுபவருக்கும் பழையது முடியும் நாளைக்கு மறுநாள்தான் தொடக்கம் என்று எழுதுவதால், அவரும் சரியாக இதில் விழுகிறார். பட்டியலுக்கு ஒன்று, சதவீதத்துக்கு ஒன்று, இவ்வளவுதான்:

```
=FILTER(A2:G, F2:F>=TODAY()-7, F2:F<=TODAY()+3, H2:H=0)
=AVERAGEIFS(H:H, F:F,">="&TODAY()-37, F:F,"<="&TODAY()-8)
```

இரண்டாவதில் எட்டு நாள் தள்ளி எண்ணுவதைக் கவனியுங்கள். நேற்று முடிந்தவருக்குக் கட்ட இன்னும் நாள் இருக்கிறது. அவரையும் இன்றே சேர்த்தால் சதவீதம் எப்போதும் குறைவாகவே தெரியும், தம்பிக்கும் மனசு விட்டுப் போகும். ஏழு நாள் அவகாசம் முழுதாக முடிந்தவர்களில், கடைசி முப்பது நாள் ஆட்களை மட்டும் எடுக்கிறோம்.

இதை மெயிலாக அனுப்ப, ஷீட்டோடு வரும் புரோகிராம் எழுதும் வசதியான Apps Script-இல் பத்துப் பதினைந்து வரி போதும். நேரம் குறித்து ஓடும் டிரிகரில் சரியாக 5 மணி என்று வைக்க முடியாது, 4 முதல் 5 மணிக்குள் என்று ஒரு மணி நேர இடைவெளிதான். ஐந்தரைக்குத் திறக்கும் இடத்துக்கு அது போதும். புராஜெக்ட் செட்டிங்கில் நேர மண்டலம் Asia/Kolkata என்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்கு அமெரிக்க நேரத்தில் இருந்து, காலைப் பட்டியல் மதியத்துக்கு மேல் வந்தது. டிரிகர் அதைப் போட்டவரின் கணக்கில்தான் ஓடும் என்பதால், வேலையை விட்டுப் போகக்கூடிய ஒருவரின் கணக்கில் வைக்க வேண்டாம். ஜிம் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சரி, பராமரிப்பு. ஷீட்டின் பலவீனம் இங்கேதான். ஆறு மாதம் கழித்துத் திரும்பும் ஆளுக்கு ரிசப்ஷனில் புது எண் போடுவதால் பாதகமில்லை, அவர் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரிதான். ஆனால் நான்கு நாள் தாமதமாகக் கட்டுபவருக்கும் அவசரத்தில் புது எண் போட்டால், பழைய வரிக்கு H பூஜ்யமாகவே நிற்கும். அவருக்கு போன் போகும். "போன வாரமே கட்டிட்டேனே அண்ணா" என்று ஒரு மெம்பர் சொன்னால் நான் முதலில் தேடுவது அதே போன் எண் இரண்டு வேறு மெம்பர் எண்களில் இருக்கிறதா என்பதைத்தான். கணவனும் மனைவியும் ஒரே எண் கொடுப்பதால் போனையே அடையாளமாக வைக்கவும் வழியில்லை.

இன்னொன்று தேதி. ஷீட் எந்த நாட்டு முறையில் தேதியைப் படிக்கும் என்று சொல்லும் லொகேல் செட்டிங் அமெரிக்காவில் இருந்தால் 03/04 என்று அடித்தது மார்ச் 4 ஆகிவிடும். 25/04 என்று அடித்தால் தேதியாகவே ஏறாமல் எழுத்தாக நிற்கும், பட்டியலுக்கும் வராது. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதி அப்படிப்பட்டதுதான். லொகேலை இந்தியாவுக்கு மாற்றிய பிறகும் வாரம் ஒரு முறை F-ஐ மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கிறேன், பத்து நிமிடம் ஆகும். ஊருக்குப் போகிறேன் என்று ஃப்ரீஸ் கேட்பவருக்கு மட்டும் அதே வரியில் முடிவுத் தேதியை நகர்த்துகிறோம், அருகில் ஒரு குறிப்புடன்.

வருடச் சந்தாக்காரர்களைப் பொறுத்தவரை எனக்கு அனுபவம் போதாது. ஷீட் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, அவர்களுடைய முதல் முடிவுகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. மாதச் சந்தாவோடு கலந்தால் சதவீதம் ஏமாற்றும் என்பதால் D-யை வைத்து இரண்டு தனி எண்களாக அனுப்புகிறேன். இரண்டு மூன்று கிளை உள்ளவர்களுக்கும், கதவு மெஷின் வைத்தவர்களுக்கும் சாஃப்ட்வேர்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர்களும் மாதம் ஒருமுறை பண ரிப்போர்ட்டை இறக்கி, மேலே சொன்ன H கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.