மாடலிலிருந்து எடுத்த அளவு என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

இரண்டு மாடி வீடு ஒன்றைக் கட்டித் தர ஒப்பந்தம் எடுத்திருந்தேன். கட்டட வடிவமைப்பாளர் கணினியில் வரைந்த முப்பரிமாண மாடலும் கட்டமைப்புப் பொறியாளரின் மாடலும் தனித்தனிக் கோப்புகளாக வந்தன. அவற்றிலிருந்து கான்கிரீட், செங்கல், பூச்சு அளவுகளை எடுத்து மதிப்பீடு தயாரித்துத் தர ஒருவரை அமர்த்தினேன். "ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் தருகிறேன்" என்று சொல்லி, அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். மூன்றே நாளில் அட்டவணை வந்தது. எல்லா எண்களும் மூன்று தசம இடங்கள் வரை சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தத்தில்தான் ஏமாந்தேன்.

அட்டவணைப்படியே செங்கல் வரவழைத்தேன். சுவர் வேலை முடிந்த பிறகும் செங்கல் குவிந்து கிடந்தது. மறுபுறம், பூச்சுவேலை பாதியில் இருக்கும்போதே அதற்கு ஒதுக்கிய தொகை தீர்ந்துபோனது. பூச்சுக்குச் சதுர மீட்டர் கணக்கில் கூலி; மேஸ்திரி அளந்து காட்டிய பரப்பு, என் அட்டவணையில் இருந்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதலில் அவர் மீதுதான் சந்தேகப்பட்டேன். பாவம், அவர் சரியாகத்தான் அளந்திருந்தார்.

அன்று இரவு ஒரே ஒரு சுவரை எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். இரு தூண்களுக்கு இடையே 4 மீட்டர். தளத்திலிருந்து தளம் 3 மீட்டர். மேலே 450 மி.மீ. ஆழ பீம், ஆகவே செங்கல் ஏறும் உயரம் 2.55 மீட்டர்தான். 1 மீட்டருக்கு 2.1 மீட்டரில் ஒரு கதவு. 10.2 சதுர மீட்டரில் கதவின் 2.1 போனால் மீதி 8.1. சுவரின் கனம் 200 மி.மீ. என்பதால் 1.62 கன மீட்டர். 190 × 90 × 90 மி.மீ. செங்கலும் 10 மி.மீ. கலவையும் என்றால் கன மீட்டருக்கு 500 கல். மொத்தம் 810.

அட்டவணையில் அதே சுவருக்கு 1,242 கல் இருந்தது. எங்கிருந்து வந்தது? மாடலில் அந்தச் சுவரை 300 மி.மீ. தூண்களின் நடுவிலிருந்து நடு வரை, 4.3 மீட்டருக்கு இழுத்திருந்தார்கள். உயரமும் தளத்திலிருந்து தளம் வரை முழு 3 மீட்டர். தூணும் பீமும் வேறு கோப்பில் இருந்ததால், அவை இருக்கும் இடத்தில் சுவர் தானாக வெட்டுப்படவில்லை. அதைவிட வேடிக்கை கனம்: இருபுறமும் 15 மி.மீ. பூச்சு அடுக்கு சேர்ந்து 230 மி.மீ. Volume என்ற பத்தியை அப்படியே எடுத்து 500-ஆல் பெருக்கியிருக்கிறார். பூச்சுக் கலவையையும் செங்கல்லாக எண்ணிய கணக்கு அது!

பூச்சுக்கு வருவோம். Area பத்தியில் இருந்த 10.8 சதுர மீட்டரை எடுத்து எழுதியிருந்தார். அது சுவரின் ஒரு முகத்தின் பரப்பு. சுவருக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. சரியான சுவர்ப் பரப்பே 16.2. தளத்துக்குக் கீழே தெரியும் பீம் பக்கங்கள் 2.4 சேர்ந்தால் 18.6. தூண் முகங்கள் தனி. கதவு, ஜன்னல்களுக்கு எவ்வளவு கழிப்பது என்பது ஒப்பந்தத்தில் சொன்ன அளவீட்டு விதியைப் பொறுத்தது; அந்த விதி எது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

மொத்தத் தொகை மட்டும் நம்பும்படி இருந்ததற்குக் காரணமும் இதுதான். செங்கலில் கூடியது பூச்சில் குறைந்து, ஒரு தவறை இன்னொன்று மறைத்துவிட்டது.

கான்கிரீட்டிலும் கைவரிசை இருந்தது. 450 மி.மீ. பீமின் மேல் 150 மி.மீ. தளத்துக்குள்தான் இருக்கிறது. மாடலில் இரண்டையும் இணைக்காமல் விட்டிருந்ததால், பீமின் மூன்றில் ஒரு பங்கு இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. லிண்டல்களோ கணக்கிலேயே இல்லை, ஏனென்றால் யாரும் அவற்றை மாடலில் வரையவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, "மென்பொருள் கொடுத்ததைத்தான் கொடுத்தேன், ஐயா" என்றார். அப்படியானால் சரிபார்ப்புக் கட்டணம் எதற்கு என்றேன். அதன் பிறகு அவர் அழைப்பை எடுப்பதில்லை.

அடுத்த வேலைக்கு வேறொருவரிடம் பேசினேன். முழு மாடலையும் கொடுக்கும் முன், ஒரு சுவர், ஒரு பீம், ஒரு அறையின் பூச்சு ஆகியவற்றுக்கு மட்டும் கணக்குக் கேட்டேன். பதிலை வைத்துப் பார்க்க என் கைக்கணக்கைத் தயாராக வைத்திருந்தேன். மறுநாள் அவரிடமிருந்து எண்கள் வரவில்லை, இரண்டு கேள்விகள் வந்தன: "இந்தச் சுவர் பீமுக்குள் போகிறது, வெட்டிவிடவா? லிண்டல் மாடலில் இல்லை, தனியாகச் சேர்க்கவா?" அன்றே முன்பணம் அனுப்பினேன்.