தயிர் உறைய வைத்துக் காட்ட ஒரே சட்டியா, நாலு சட்டியா?

கல்லடியில் எங்கள் சமையல் வட்டம் கூடும்போது, ஒருவருக்கு 45 நிமிடம் கிடைக்கும். அதற்குள் ஒரு பண்டத்தைச் செய்து காட்ட வேண்டும். எருமைத் தயிரை நான் ஒருமுறை ஒரே சட்டியிலும், அடுத்த முறை நாலு சட்டியிலும் காட்டினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

முதல் தடவை, படுவான்கரையிலிருந்து வந்த பால் 2 லீற்றரை அடுப்பில் வைத்து, ஆரம்பத்திலிருந்தே எல்லோர் முன்னாலும் செய்தேன். பால் பொங்கி வரவே 20 நிமிடம் போனது. அப்புறம் சிறு நெருப்பில் இன்னும் 10 நிமிடம் வைத்தேன். அந்தச் சூட்டில் பாலின் புரதம் மாறுவதால்தான் தயிர் இறுகி நிற்கும். பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. கொதித்த 2 லீற்றர் பால் விரல் சூட்டுக்கு ஆற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கேட்க வந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். நான் அவசரப்பட்டு, பால் ஆறுவதற்கு முன்னரே உறையை விட்டேன். அந்தச் சட்டியைக் கொண்டுபோன தங்கச்சி அடுத்த நாள் சொன்னாள்: "அக்கா, பால் பாலாவே கிடக்கு." உறையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் செத்துவிட்டன. பிழை பாலில் இல்லை, நான் பேச்சை அடுக்கிய விதத்தில்.

அடுத்த முறை, காலை 10 மணிக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு 9 மணிக்கே மண்டபத்தில் ஒரு சட்டி உறை போட்டு வைத்தேன். இன்னொன்றுக்குக் காலை 6 மணிக்கு. மூன்றாவதில் காய்ச்சி ஆறின பால், வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மூடியபடி. நாலாவதில் பச்சைப் பால், அரை லீற்றர் மட்டும். அது அடுப்பில் ஐந்தாறு நிமிடத்தில் பொங்கிவிடும்.

இந்த முறையில் காத்திருக்கும் நேரம் மேடையிலிருந்து போய்விடுகிறது, கைவேலை மட்டும் மிஞ்சுகிறது. அதில் உறை விடுவதை மட்டும் நேரடியாகவே செய்ய வேண்டும். சுத்தமாகக் கழுவின சுண்டு விரலைப் பாலில் வைத்துப் பத்து வரை எண்ணினால், சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. வெப்பமானி வைத்தால் 43 பாகைக்குக் கிட்ட நிற்கும். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக் கலக்க வேண்டும். என் பேச்சில் பாதி நேரத்தை இதற்கே கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. சட்டி மாறும்போது பார்ப்பவர்களுக்கு மாயவித்தை மாதிரிப் போய்விடும், இடையில் என்ன நடந்தது என்று பிடிபடாது. அதற்காக ஒவ்வொரு சட்டியிலும் வெண்கட்டியால் நேரம் எழுதினேன்: "நேற்று இரவு 9", "இன்று காலை 6". ஆறு மணிச் சட்டியை மெல்லச் சரித்தால் நடுப்பகுதி இன்னும் தளதளவென்று ஆடும். ஒன்பது மணிச் சட்டியில் கரண்டியால் வெட்டினால் விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்கும். அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு நேரக் கணக்கை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கெட்டுப்போனதையும் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். நான் இரண்டு வைத்தேன். ஒன்று சூட்டில் உறை விட்டது, பாலாகவே நிற்கும். மற்றது உறையத் தொடங்கின பிறகு ஆட்டி அசைத்தது, வெடித்துத் தண்ணீர் பிரிந்திருக்கும். சரியான சட்டியை விட இவற்றைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது, கேள்விகளும் அங்கேதான் வந்தன.

எல்லாப் பண்டத்துக்கும் நாலு சட்டி வேண்டும் என்றில்லை. குழல் பிட்டுக்கு ஒரே அடுப்புத்தான் சரி. வறுத்த மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துக் குழைத்து, பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும் என்ற பதத்தை அவர்கள் முன்னாலேயே எடுக்க வேண்டும். மேலே ஆவி வந்த பிறகும் சில நிமிட வேலைதான். அங்கே முன்கூட்டியே அவித்ததைக் காட்டினால் அந்தப் பதத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

மூன்றாவது வழி, எல்லோர் கையிலும் ஆளுக்கொரு சட்டி கொடுப்பது. பத்துப் பேர் வரை சமாளிக்கலாம். ஆனால் உறையத் தொடங்கின சட்டியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் அந்த இரண்டாவது கிண்ணத்தின் கதைதான். அதைவிட, போகும்போது ஆளுக்கு இரண்டு கரண்டி உறையைச் சிறு போத்தலில் கொடுத்துவிட்டால், அன்று இரவே வீட்டில் போட்டு, காலையில் சட்டியைச் சரித்துப் பார்க்கலாம்.