வக்கீல் நல நிதி, டாக்டர் சங்க நிதி, அடல் பென்ஷன்: அறுபதுக்கு மேல் மாதம் எவ்வளவு கைக்கு வரும்?

'நல நிதியில் இருக்கேன், வயசானா பென்ஷன் வரும்' என்று கோர்ட் வளாகத்தில் யாராவது சொன்னால், எந்த நிதி, எந்த மாநிலம், மாதா மாதம் வருமா அல்லது ஒரே தடவை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தொழில்முறை நல நிதி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. விலகும்போது மொத்தத் தொகை தருவது ஒன்று, இறந்தால் குடும்பத்துக்குத் தருவது ஒன்று, மாதா மாதம் தருவது ஒன்று. மூன்றாவதுதான் எல்லாரும் மனதில் வைத்திருப்பது, ஆனால் நாட்டில் அதுதான் குறைவு.

முதலில் வக்கீல்கள் கதை. மத்திய அரசின் வக்கீல்கள் நல நிதிச் சட்டம் 2001இல் வந்தது. தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே, 1987இலேயே, தனிச் சட்டம் உண்டு, கேரளாவுக்கு 1980இலேயே உண்டு. இப்படித் தனிச் சட்டம் இருக்கும் மாநிலங்களை மத்தியச் சட்டம் தொடுவதில்லை. பணம் வரும் வழி எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வக்காலத்து தாக்கல் செய்யும்போது கோர்ட் கட்டண ஸ்டாம்ப் தவிர நல நிதி ஸ்டாம்ப் ஒன்றும் ஒட்டுவார்கள். பெரும்பாலும் குமாஸ்தாதான் ஒட்டுவார், வக்கீல் கையெழுத்து மட்டும் போடுவார். அந்த ஸ்டாம்பு விற்ற காசு, உறுப்பினர் சந்தா, பார் கவுன்சில் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்ததுதான் நிதி. மத்தியச் சட்டப்படி அந்தப் பங்கு 20 சதவீதம்.

இனி அதிலிருந்து வெளியே வருவது எவ்வளவு என்று பார்ப்போம். மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி, நிதியில் உறுப்பினராக இருந்த வருடத்துக்கு 1,000 ரூபாய், 30 வருடத்துக்கு 30,000 ரூபாய். அதை வாங்கவே குறைந்தது 5 வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், தொழிலையும் நிறுத்தியிருக்க வேண்டும். இந்த 30,000 ரூபாயை அப்படியே கொண்டுபோய், மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கத் தவணையாகத் திருப்பித் தரும் ஆன்யூட்டியில், ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று போட்டால் வருடம் 1,950 ரூபாய், மாதக் கணக்கில் 162 ரூபாய் வரும். முப்பது வருடம் கறுப்புக் கோட்டு போட்டதற்கு மாதம் 162! சட்டம் எழுதியவர்களே இதைப் பென்ஷன் என்று சொல்லவில்லை, நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் செய்தியில் அடிபடும் பெரிய தொகை வேறு. இறந்த வக்கீலின் குடும்பத்துக்குக் கொடுப்பதை 7 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்துவதாக 2022இல் அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஆயுள் காப்பீட்டு வேலையைத்தான் செய்கிறது. எழுபது வயதில் உயிரோடு, கட்சிக்காரர் யாரும் வராமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்தப் பத்து லட்சத்தால் ஒரு காபிகூட வாங்க முடியாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், தொழிலே இல்லாவிட்டாலும் பலர் பதிவை விடாமல் சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டு இருப்பார்கள். இருக்கும்போது வாங்குவதைவிடப் போன பிறகு வீட்டுக்கு வருவது பெரிது என்று கணக்குப் போட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

மாதப் பென்ஷன் என்று உண்மையில் சொல்லக்கூடியது ஜார்கண்டில் இருக்கிறது. அங்கே 65 வயதுக்கு மேல் பதிவை ஒப்படைக்கும் வக்கீலுக்கு நல நிதி அறங்காவலர் குழு மாதம் 7,000 ரூபாய் தந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை தன் பங்காக இன்னொரு 7,000 சேர்த்து 14,000 ஆக்க ஒப்புதல் கொடுத்தது. அதே 6.5 சதவீதக் கணக்கில், மாதம் 14,000 வாங்க நாமே ஆன்யூட்டி எடுப்பதென்றால் கிட்டத்தட்ட 26 லட்சம் வேண்டும். மத்திய அட்டவணையின் 30,000 பக்கத்தில் இதை வைத்தால் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதே தப்பு.

ஆனால் இதிலும் கொக்கி இருக்கிறது, அதுவும் இரண்டு. ஒன்று, பதிவை ஒப்படைக்க வேண்டும். 66 வயதில் நோட்டரி வேலை, ஒன்றிரண்டு பாகப்பிரிவினை வழக்கு, ஜூனியர் கேட்கிற ஆலோசனை என்று மாதம் 20,000 வருகிறவர் ஒப்படைத்தால் மாதம் 6,000 நஷ்டம். 8,000 வருகிறவருக்கு 6,000 லாபம், கோர்ட் படி ஏறும் அலைச்சலும் மிச்சம். ஆகவே வருமானம் 14,000க்குக் கீழே நிரந்தரமாக இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு ஒப்படைப்பதுதான் புத்திசாலித்தனம், 65 நிறைந்த அன்றே ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது கொக்கி, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு பென்ஷன்தாரருக்கு மாதம் 7,000 என்றால் வருடம் 84,000. ஸ்டாம்பு ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒருவருக்காக மட்டும் வருடம் 2,800 வக்காலத்து விழ வேண்டும். வக்காலத்து எண்ணிக்கை வழக்குகளைப் பொறுத்தது, பென்ஷன்தாரர் எண்ணிக்கையோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். இந்த இடைவெளியை அரசு நிரப்பினால்தான் வண்டி ஓடும். அரசுப் பங்கு பட்ஜெட்டில் வருவது, ஒரு வருடம் தாமதமானால் நீங்கள் வழக்குப் போடலாம், ஆனால் பதிவுதான் ஏற்கெனவே போய்விட்டதே, இன்னொரு வக்கீலைத்தான் வைக்க வேண்டும். விலைவாசியும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினால், இன்றைய 14,000 பதினைந்து வருடத்தில் 6,700 அளவுக்குத்தான் வாங்கும்.

டாக்டர்கள் பக்கம் போவோம். அவர்களுக்கு ஸ்டாம்பு கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒட்ட முடியாதே. அதனால் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளைகள் தாங்களே திட்டம் நடத்துகின்றன. கேரளக் கிளையின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் இதில் பெயர் பெற்றது. இயங்கும் விதம் எளிது: ஒரு உறுப்பினர் இறந்தால் மற்ற எல்லா உறுப்பினரும் ஆளுக்கு ஒரு சிறு தொகை போடுவார்கள், அது சேர்ந்து குடும்பத்துக்குப் போகும். சேரும்போது வயதுக்கு ஏற்ப நுழைவுக் கட்டணம், வயது கூடக் கூட அது கூடும்.

இதன் பலம், நடுவில் பெரிய குவியலாகப் பணம் தேங்குவதில்லை என்பது. பெரிய குவியல் என்ன ஆகும் என்பதற்குக் கேரள வக்கீல்களின் நல நிதியே சாட்சி. அங்கே சுமார் ஏழரைக் கோடி ரூபாய் முறைகேடு பற்றி சிபிஐ விசாரிக்க 2021இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. பலவீனம் என்னவென்றால் உறுப்பினர்களின் வயது. இளம் டாக்டர்கள் சேராமல் போனால் சராசரி வயது ஏறும், வருடத்தில் இறப்புகள் கூடும், ஆளுக்குப் போட வேண்டிய தொகை கூடும், அதைப் பார்த்து இளையவர்கள் இன்னும் ஒதுங்குவார்கள். சேரும் முன் சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கடந்த ஐந்து வருடமாக ஒவ்வொரு வருடமும் ஆளுக்கு எவ்வளவு பிடித்தீர்கள்? அந்த எண் சீராக இருந்தால் சேரலாம். ஏறிக்கொண்டே போனால் அது எங்கே போய் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்புறம், இதுவும் இறப்புக்கான பணம்தான். வயதான டாக்டரின் மாதச் செலவுக்கு இதில் வழியில்லை.

பத்திரிகையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அவர்களுக்கு மாதம் 12,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. அது நேராக அரசுப் பணம், தொழிலில் இருப்பவர்கள் போட்டுச் சேர்த்த நிதி இல்லை. தகுதி விதிகளும் தேர்வும் அரசு கையில் இருப்பதால், எல்லாப் பத்திரிகையாளருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது இதற்கெல்லாம் போட்டியாக யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: அடல் பென்ஷன் திட்டம். 18 முதல் 40 வயதுவரை சேரலாம், 60க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை. 35 வயது தாலுகா கோர்ட் வக்கீல் ஒருவர் 5,000 பென்ஷனுக்குச் சேர்ந்தால் மாதம் 902 ரூபாய் கட்ட வேண்டும், 25 வருடத்தில் மொத்தம் 2,70,600. அவர் காலத்துக்குப் பின் அதே 5,000 மனைவிக்கு, இருவருக்கும் பின் 8.5 லட்சம் நாமினிக்கு. இதே 902 ரூபாயைத் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் போட்டு 9 சதவீதம் கிடைத்தால் சுமார் 10 லட்சம் சேரும், முழுவதையும் 6.5 சதவீத ஆன்யூட்டியாக்கினால் மாதம் 5,500க்குக் கொஞ்சம் குறைவாக வரும். வித்தியாசம் ஐந்நூறுக்குள்தான். ஆனால் என்பிஎஸ்ஸில் அந்த 9 சதவீதத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அடல் பென்ஷனில் 5,000க்கு மத்திய அரசு உத்தரவாதம். மறுபக்கம், அடலில் 5,000தான் உச்சவரம்பு. 25 வருடம் கழித்து அந்த 5,000, விலைவாசி 5 சதவீதம் என்றால், இன்றைய 1,500க்குச் சமம். என்பிஎஸ்ஸில் வருமானம் ஏற ஏறக் கட்டுவதையும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு தடை இருக்கிறது: 2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி கட்டுகிறவர் அடல் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. சேரும் நாளில் வரி கட்டுபவராக இருந்தது பிறகு தெரிந்தால் கணக்கை மூடி, கட்டிய பணத்தைத் திருப்பிவிடுவார்கள். ஓடுகிற கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு அதனால் இது இல்லை, அவருக்கு என்பிஎஸ்தான். ஆனால் சீனியரிடம் வேலை பார்க்கும் ஜூனியர் வக்கீல்களில் பலருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் கிடையாது. அவர்களுக்கு 40 வயதுக் கதவு மூடும் முன் இது திறந்தே இருக்கிறது. 30இல் சேர்ந்தால் மாதம் 577, 40 வரை தள்ளிப்போட்டால் 1,454.

என் தேர்வைக் கேட்டால், வக்கீல் நல நிதியைக் காப்பீடாக வைத்துக்கொள்ளுங்கள், சந்தா குறைவு என்பதால் விடவே கூடாது. மாதப் பணத்துக்கு வேறு வழி தேடுங்கள், வரி கட்டாத 40க்குக் கீழ் இருப்பவர் அடலில் தொடங்கி, வருமானம் வந்ததும் என்பிஎஸ்ஸும் சேர்த்துக்கொள்ளலாம். ஜார்கண்டில் இருப்பவர் மட்டும் 65ஐ மனதில் வைத்துத் திட்டமிடலாம், அதுவும் 7,000 மட்டும் வந்தால் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு.

நல நிதியில் பணம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். சந்தாவை மறந்து பாக்கி விழுந்து உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் போயிருக்கும். அல்லது இருபத்தைந்து வயதில் சேர்ந்தபோது நாமினியாக அம்மா பெயரைப் போட்டவர் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியிருக்க மாட்டார், அம்மாவும் காலமாகியிருப்பார், மனைவி வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பார். சந்தா ரசீதை வருடா வருடம் ஒரே கோப்பில் வையுங்கள், நாமினி படிவத்தின் நகல் ஒன்றை அலுவலக முத்திரையோடு வாங்கி வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.