கன்சோல் நன்றாகத்தான் ஓடுகிறது, எரிச்சல்தான் தீரவில்லை

கேம் கன்சோல் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. சத்தம் கிடையாது, சூடும் அதிகம் இல்லை, மகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்தக் கறுப்புத் திரைதான்.

எங்கள் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்டில் இன்டீரியர் செய்தவர், டிவியிலிருந்து ஓர அலமாரி வரைக்கும் பத்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சுவருக்குள் பைப்பில் ஓட்டி மூடிவிட்டார். செட்டாப் பாக்ஸ் அதில் வருடக்கணக்கில் ஓடியது. புதுக் கன்சோலை அதே கேபிளில் மாட்டினோம். பீப் கேட்டது, விளக்கு எரிந்தது, டிவியில் மட்டும் ஒன்றும் இல்லை.

கடையில் மாற்றிக் கேட்கலாம் என்று நான் பில்லைத் தேடினேன். மகள் விடவில்லை. "அப்பா, ஒண்ணுமே மாட்டாத போர்ட்ல No Signalனு எழுத்து வருது. இதுல அதுகூட வரல. அப்போ ஏதோ வந்துகிட்டுதான் இருக்கு" என்றாள்.

கன்சோலை முழுதாக அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, ஏழு விநாடி போல, அழுத்திப் பிடித்தோம். குறைந்த ரெசல்யூஷனில் திறக்கும் சேஃப் மோடு. படம் வந்துவிட்டது! கன்ட்ரோலரை ஒயரில் மாட்டி ரெசல்யூஷனைக் குறைத்து, உள்ளே போய் 1080p வைத்தோம். அதுவும் சரி. பழையபடி ஆட்டோமேடிக்கில் விட்டால் கறுப்பு, நடுநடுவே ஒரு நொடி படம் மின்னி மறையும்.

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. "என்னால் 4கே காட்ட முடியும்" என்று டிவி கன்சோலுக்குச் சொல்வது கேபிளுக்குள் இருக்கும் தனிக் கம்பியில், மெதுவாக. சுமாரான கேபிளிலும் அந்தச் சேதி போய்ச் சேரும். கன்சோல் அதை நம்பி 4கே படத்தை அனுப்பும். 1080p படத்துக்கு விநாடிக்குச் சுமார் 4.5 ஜிகாபிட் போதும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படத்துக்கு 18 ஜிகாபிட் திறனுள்ள கேபிள் வேண்டும். அவ்வளவு வேகத்தைப் பத்து மீட்டர் சாதாரணச் செம்புக் கேபிள் தாங்குவது கஷ்டம். படம் வழியில் சிதைந்தது கன்சோலுக்குத் தெரியவும் தெரியாது. பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளை நேராக டிவியில் மாட்டியதும் 4கே பளிச்சென்று வந்தது.

தீர்ந்ததா? இல்லை. நீளத்துக்கு ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் எஸ்.பி. ரோடில் கிடைக்கிறது. ஆனால் சுவருக்குள் பைப் வளைகிற இடத்தில் பழைய கேபிள் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. அதனால் கன்சோல் இன்றுவரை டிவிக்குக் கீழே ஸ்டூலில்தான். காசு கொட்டிச் செய்த அலமாரியில் இப்போது பழைய பேப்பர் கிடக்கிறது. பெருக்கும்போதெல்லாம் ஒயர் தடுக்குகிறது, எனக்குக் கோபம் வருகிறது.

கன்சோலுக்குப் பத்துக்கு ஒன்பது தரலாம். ஆனால் நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டிலும் இன்டீரியர் வேலை நடக்கிறது. முதலில் பெரிய பைப்பாகப் போடச் சொல்லுங்கள், அப்புறம் கன்சோலைப் பார்க்கலாம்.