பழுக்காத கட்டியா, மணல் ஈ விட்டுப்போன புண்ணா?

ஒருவர் வேலை விஷயமாக வறண்ட பகுதி ஒன்றில் பத்து நாள் தங்கி, வெட்கைக்காக இரவில் திறந்த வெளியில் படுத்துத் தூங்கிவிட்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாரம் கழித்து முன்கையில் கொசுக்கடி போல ஒரு சிவந்த முண்டு. அரிக்கவுமில்லை, வலிக்கவுமில்லை. ஒன்பதாவது வாரத்தில் அது சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து, உச்சியில் பொருக்குத் தட்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் ‘கட்டி, பழுத்தால் உடைந்துவிடும்’ என்கிறார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு சுற்று முடிகிறது, இன்னொரு சுற்றும் முடிகிறது. பன்னிரண்டாவது வாரத்தில் பொருக்கு உதிர்ந்தபோது அடியில் 2 செ.மீ. அகலத்துக்குப் புண். நடுவில் குழி, சுற்றிலும் வயல் வரப்பு போலத் தடித்த ஓரம். இப்போதும் வலியில்லை.

இந்தப் புண்ணுக்கும் சாதாரணக் கட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. கட்டி என்பது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால் ஒன்றுக்குள் இறங்கிச் செய்யும் வேலை. இரண்டு மூன்று நாளில் சிவந்து வீங்கும், ஒரு வாரத்துக்குள் உச்சியில் மஞ்சளாகச் சீழ் தெரியும், பிறகு உடைந்து முளை வெளியேறும், ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அதன் கதை நாட்களில் முடிந்துவிடுகிறது. மணல் ஈ வழியே வரும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் கதையோ மாதங்களில் ஓடுகிறது. கடித்து சில வாரங்களில், சில வகைகளில் பல மாதங்கள் கழித்துத்தான், முண்டே தலைகாட்டும். தானாக ஆறும் வகைகூட அரை வருடம், ஒரு வருடம் என்று இழுக்கும். ஒரே இடத்தில் ஒரே புண் ஒரு மாதத்தைத் தாண்டி மெல்ல அகலமாகிக்கொண்டே போனால், அதைக் கட்டி என்று அழைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

‘எனக்கும் மூன்று மாதமாகக் கட்டி இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் விசாரித்தால், ஒன்று ஆறி இன்னொரு இடத்தில் புதிதாகக் கிளம்புகிறது என்பது தெரியவரும். அது கட்டிகளின் வரிசை. அதற்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அப்புறம் வலி. கட்டிக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து செத்துச் சீழாகின்றன. அந்தச் சீழுக்கு வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறி, விண்விண்ணென்று தெறிக்கிறது. தொட்டால் சுடும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். லீஷ்மேனியா அப்படிப்பட்ட கிருமியல்ல. தன்னை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறி, அங்கேயே சத்தமில்லாமல் பெருகுகிறது. அழுத்தம் ஏற்றும் சீழ்ப்பை உருவாவதில்லை. அதற்குப் பதிலாக அந்தச் செல்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து தோலைத் தடிக்க வைக்கின்றன. நடுப்பகுதி செத்துக் குழியாகிறது. தடிப்பு நடந்துகொண்டே இருக்கும் சுற்றுப்பகுதி மேடாக நிற்கிறது. அந்த வரப்பு உயிருள்ள எல்லை, நோய் பரவிக்கொண்டிருக்கும் இடம் அதுதான். விரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். பழுத்த கட்டியோ நீர் நிரம்பிய பை போல அமுங்கும்.

இடமும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். பின்கழுத்து, அக்குள், தொடை, பிட்டம் போல முடியும் வியர்வையும் உராய்வும் சேரும் இடங்களில் கட்டி வருவது வழக்கம். மணல் ஈ துணி மூடாத இடத்தில்தான் கடிக்கும் என்பதால் முகம், கை, கால்களில்தான் இந்தப் புண் அதிகம். கடித்த ஞாபகம் இல்லை என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. மணல் ஈ 2 முதல் 3 மி.மீ. அளவே இருக்கும், ரீங்காரமில்லாமல் பறக்கும், சாதாரணக் கொசுவலையின் கண் வழியே நுழைந்துவிடும். கடி பற்றிக் கேட்பதைவிட, கடந்த ஓராண்டில் எங்கெல்லாம் இரவு தங்கினீர்கள் என்று கேட்பதே பயன் தரும்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். டெல்லி கட்டி, அலெப்போ கட்டி, பாக்தாத் கட்டி என்றெல்லாம் பழைய மருத்துவர்கள் அழைத்தது இந்தப் புண்ணைத்தான். பெயரிலேயே கட்டி ஒட்டிக்கொண்டுவிட்டது.

வலியில்லை என்ற அடையாளம் ஒரு சந்தர்ப்பத்தில் நம்மை ஏமாற்றும். திறந்த புண்ணில் பாக்டீரியாவும் போய் உட்கார்ந்தால் வலி, சிவப்பு, சீழ் எல்லாம் வந்துவிடும். அப்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால் வலியும் சீழும் குறையும், ‘மருந்து கேட்கிறது’ என்று நிம்மதி வரும். ஆனால் வரப்பு அப்படியே நிற்கும். ஒரு சுற்று மருந்துக்குப் பிறகு ஓரம் தட்டையாகவில்லை என்றால், அடுத்த சுற்றை எழுதுவதைவிட ஓரத்திலிருந்து மாதிரி எடுப்பதே சரி. பிதுக்குவதும் கீறிவிடுவதும் இங்கே வீண். உள்ளே வெளியேற்ற எதுவும் இல்லை, காயம்தான் பெரிதாகும். ஸ்டீராய்டு களிம்பு அதைவிட மோசம். சிவப்பை மறைத்துவிட்டு, ஒட்டுண்ணியை எதிர்க்கும் உடலின் கையைக் கட்டிப்போடும்.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பல சோதனைகள் தோற்கின்றன. குழியின் நடுவில் செத்த திசுவும் வெளிக் கிருமிகளும்தான் கிடைக்கும். பொருக்கை நீக்கிச் சுத்தம் செய்து, மேடான ஓரத்தை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, ரத்தம் வடிந்து தோல் வெளுத்ததும் சிறு கீறல் போட்டு, அதன் சுவரைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவ வேண்டும். கீம்சா சாயம் ஏற்றினால், மேக்ரோபேஜுக்குள் 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அளவில் முட்டை வடிவ உருக்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் வட்டமான உட்கருவும், பக்கத்தில் கைனெட்டோபிளாஸ்ட் என்ற குச்சி போன்ற டி.என்.ஏ. திரளும் இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் உறுதி. புண் பழையதாக ஆக ஒட்டுண்ணி குறைந்துகொண்டே போகும். அதனால் ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவு நோயில்லை என்று ஆகாது. பி.சி.ஆர். சோதனையும் திசுத் துணுக்குச் சோதனையும் அதற்காகத்தான். தோல் காசநோய், சில பூஞ்சைப் புண்கள், தோல் புற்றுநோய் ஆகியவையும் இதே போல வலியின்றி நாள்பட நிற்கும் என்பதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாது.

நம் ஆளுக்கு முதல் தடவலிலேயே ஒட்டுண்ணி தெரிகிறது. புண் ஒன்றே ஒன்று, சிறியது, மூட்டிலோ முகத்திலோ இல்லை, மூக்கு வாய்ச் சவ்வுக்குப் பரவக்கூடிய தென் அமெரிக்க வகையும் இல்லை. அதனால் ஆன்டிமனி மருந்தைப் புண்ணின் ஓரத்திலேயே ஊசியாகப் போடுகிறார்கள், வாரம் ஒருமுறை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வரப்பு இளகுகிறது, ஐந்தாவதில் தட்டையாகிறது, குழி மேவி வருகிறது. கடைசியில் மிஞ்சுவது சற்றே பள்ளமான, நிறம் வெளுத்த ஒரு தழும்பு. அந்தத் தழும்பின் ஓரத்தில் புதிதாக முண்டு ஏதும் கிளம்புகிறதா என்று அடுத்த ஓராண்டுக்கு அவர் பார்த்துவர வேண்டும். திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.