உப்பு என்று தேடினால்: முடிவுகளைக் குழுவாக்கும் மூன்று வழிகள்

‘உப்பு’ என்று ஒரே சொல்லைத் தட்டித் தேடுபவருக்கு என்ன வேண்டும் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. நூறு முடிவுகளை வரிசையாகக் கொட்டாமல், ‘இரத்த அழுத்தம்’, ‘கடல் நீர்’, ‘மண்’ என்று தலைப்புப் போட்டுப் பிரித்துக் கொடுத்தால் அவரே மேய்ந்துகொள்வார். இதற்குக் கே-மீன்ஸ், எஸ்.டி.சி. எனப்படும் சஃபிக்ஸ் ட்ரீ கிளஸ்டரிங், லிங்கோ என்று மூன்று பழகிய வழிகள் உண்டு. Carrot2 என்ற திறமூல மென்பொருளில் மூன்றும் இருப்பதால் ஒரே தரவில் ஓட்டிப் பார்க்கலாம். (கே-மீன்ஸ் அதில் குழுக்களை இரண்டிரண்டாய்ப் பிளக்கும் வடிவில் இருக்கிறது.)

கையாலேயே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்து முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் துணுக்கு. 1, 2, 3, 5 இரத்த அழுத்தம் பற்றியவை. அவற்றுள் 2, 3, 5 சிறுநீரகத்தையும் பேசுகின்றன. 4, 6, 7 கடல் நீர். 6, 8 உவர் மண். கடல் நீர் நிலத்துக்குள் ஏறுவதைப் பற்றியது என்பதால் 6 இரண்டிலும் வருகிறது. 9 அயோடின். 10 எதிலும் சேராதது.

சொற்கள் ஒத்த துணுக்குகளைச் சில மையப் புள்ளிகளைச் சுற்றிச் சேர்க்கும் கே-மீன்ஸிடம் எத்தனை குழு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்று என்றால் மூன்று. 6-ஆம் முடிவு ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும். மண்ணைத் தேடுபவர் கண்ணில் அது படாமலே போகலாம். 9-உம் 10-உம் எங்காவது திணிக்கப்படும். தலைப்போ, குழுவில் எடை கூடிய சொற்களின் பட்டியல்: ‘அழுத்தம், அளவு, சிறுநீரகம்’. இதைத் தலைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடக்கப் புள்ளிகளைத் தற்செயலாக எடுப்பதால், மறுபடி ஓட்டினால் குழுக்கள் மாறவும் கூடும்.

1998-இல் ஓரன் ஜாமிரும் ஓரன் எட்சியோனியும் முன்வைத்த எஸ்.டி.சி., சொற்றொடரிலிருந்து தொடங்குகிறது. ஒரே தொடரைப் பகிரும் துணுக்குகள் ஓர் அடிக்குழு. இரண்டு அடிக்குழுக்களின் பொதுப் பகுதி, இரண்டிலுமே பாதிக்கு மேல் இருந்தால் அவை இணையும். ‘இரத்த அழுத்தம்’ நான்கு, ‘சிறுநீரகம்’ மூன்று, பொது மூன்று, 3/4, 3/3. சரி, இணைகின்றன. ‘கடல் நீர்’ மூன்று, ‘மண்’ இரண்டு, பொது ஒன்றே, 1/3, 1/2. பாதியைத் தாண்டவில்லை, எனவே தனித்தனி. 6-ஆம் முடிவு இரண்டிலும் நிற்கிறது, அதுதான் நமக்கு வேண்டியது. வேகமும் அதிகம். சிக்கல் சங்கிலியில்தான்: அ-வும் ஆ-வும் இணைய, ஆ-வும் இ-யும் இணைய, அ-வுக்கும் இ-க்கும் ஒட்டுறவே இல்லாமல் ஒரே குழுவாகிவிடும். பெரிய குழுவில் முதல் துணுக்கையும் கடைசித் துணுக்கையும் அடுத்தடுத்துப் படித்தாலே இது பிடிபடும்.

லிங்கோ, 2003 வாக்கில் போலந்தில் ஸ்டானிஸ்வாவ் ஒசின்ஸ்கி உருவாக்கியது, வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் அடிக்கடி வரும் தொடர்களைச் சேகரிக்கும். அப்புறம் எந்த முடிவில் எந்தச் சொல் என்ற எண் அட்டவணையைப் பிரித்துப் பார்க்கும் அணிச் சிதைவு மூலம் முடிவுகளின் முக்கியக் கருத்துத் திசைகளைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் மிக நெருங்கிய தொடரைத் தலைப்பாக்கும். அதன் பிறகுதான் துணுக்குகளைத் தலைப்புக்குக் கீழே போடும். பொருந்தாத 9, 10 ‘பிற’ என்பதில் விழும். மேய்ந்து பார்ப்பவருக்கு என் ஓட்டு இதற்கே, ஏனென்றால் வாசகர் படிப்பது தலைப்பைத்தான். விலையும் உண்டு: சில நூறு முடிவுகளுக்கு இது சரிப்படும், ஆயிரக்கணக்கில் போனால் அந்த அணிக் கணக்கு நேரத்தைத் தின்னும், அங்கே எஸ்.டி.சி. மேல். ‘பிற’ குழு பாதி முடிவுகளை விழுங்கினால் தொடர் சேகரிப்பில் கோளாறு என்று பொருள்.

தமிழில் அந்தக் கோளாறு உடனே வரும். 1-இல் ‘இரத்த அழுத்தம்’, 2, 3-இல் ‘இரத்த அழுத்தத்தை’, 5-இல் ‘ரத்த அழுத்தத்தைக்’ என்று இருந்தால், கணினிக்கு அவை மூன்று தொடர்கள். நான்கு பேர் இருந்த குழு இரண்டாகச் சுருங்குகிறது. தொடரை நம்பும் எஸ்.டி.சி.யும் லிங்கோவும்தான் இதில் அதிகம் அடி வாங்கும். கே-மீன்ஸ் மற்ற பொதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஓரளவு தப்பிக்கும். ஆகவே இர/ர எழுத்து வேறுபாட்டையும், சொல்லிறுதியில் மிகும் ஒற்றெழுத்தையும், வேற்றுமை உருபையும் முதலிலேயே கழிக்க வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. ‘கடலை’யில் ஐ-யை வெட்டினால் ‘கடல்’ கிடைக்கும். வறுத்த உப்புக் கடலை நேராகக் கடல் நீர்க் குழுவில் போய் உட்காரும்.