தமிழ் எண்ணா, 1 2 3 யா? பலகை, புத்தகம், படிவம், எங்க எது சரிப்படும்

இந்த பேச்சு வந்தாலே ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க, ஒரு பக்கம் எல்லாத்தையும் தமிழ் எண்ல போடணும்னு, இன்னொரு பக்கம் யாருக்கும் படிக்க தெரியாததை எதுக்கு போடணும்னு. ஆனா போட்டியில நிக்கிறது ரெண்டு இல்ல, மூணு. ஒண்ணு நாம தினமும் எழுதுற 0 முதல் 9. ரெண்டாவது தமிழ் எண் வடிவத்தை எடுத்துக்கிட்டு 0-9 மாதிரியே இடமதிப்பு வெச்சு எழுதுறது, சுழியத்துக்கு ௦. மூணாவது பழைய முறை, சுவடியிலயும் பழைய பத்திரத்துலயும் இருக்கிறது, அதுல பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு தனித்தனி குறி, சுழியமே தேவையில்ல.

2347ன்ற எண்ணை எடுத்துக்கோங்க. இடமதிப்பு முறையில ௨௩௪௭, நாலே குறி. பழைய முறையில ௨௲௩௱௪௰௭, ஏழு குறி. அதே பழைய முறையில 1047ன்னா ௲௪௰௭, நாலுதான். எண்ணோட நீளம் அதோட அளவை சொல்லாது, அதனால ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம்னு படிவத்துல கட்டம் போட முடியாது. இன்னொண்ணு, ௰௨ன்னா 12, ௨௰ன்னா 20. புதுசா கத்துக்கிட்டவங்க இதுலதான் முதல்ல தடுமாறுவாங்க.

தமிழ் எண் வேணும்னு கேக்குற நிறைய பேர் இந்த ரெண்டு முறையையும் பிரிச்சு பாக்கிறதில்ல, ஒரே புத்தகத்துல அத்தியாயம் பத்துக்கு ௰ன்னும் பக்கம் பத்துக்கு ௧௦ன்னும் வந்து நிக்கிறது அதனாலதான். எதை எடுத்தாலும் ஒண்ணை முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே புடிச்சுக்கணும்.

சரி, எங்க எதை போடுறதுன்னு கேட்டா நான் பாக்குறது ஒரே விஷயம்தான். அந்த எண்ணை பக்கத்துல இருக்கிற எண்ணுங்க காப்பாத்துதா, இல்ல அது தனியா நிக்குதா? புத்தகத்துல பக்கம் ௬க்கு அடுத்தது ௭தான் வரும், ஒருத்தருக்கு ௭ தெரியலன்னாலும் முன்னாடி பின்னாடி பாத்து புரிஞ்சுக்கலாம். தமிழ் எண் போட்ட சுவர் கடிகாரம் கடையில விக்கிறாங்களே, அதை பாத்து தமிழ் எண் ஒண்ணுகூட தெரியாதவங்களும் மணி சொல்லிடுவாங்க, ஏன்னா அங்க சேதி சொல்றது முள்ளு நிக்கிற இடம். ஆனா வீட்டு எண், சர்வே எண், மருந்து அளவு, பஸ் நம்பர் இதெல்லாம் தனியா நிக்கிற எண், அக்கம்பக்கம் பாத்து ஊகிக்க முடியாது, தப்பா படிச்சா தப்பான இடத்துக்குதான் போவோம்.

தப்பா படிக்க வாய்ப்பு ஏன் இவ்வளவுன்னா, தமிழ் எண்கள்ல பெரும்பாலானது எழுத்து மாதிரியே இருக்கு. ௧ பாத்தா க, ௨ பாத்தா உ, ௪ பாத்தா ச, ௫ ரு, ௬ சு, ௭ எ, ௮ அ, ௰ ய. நல்ல எழுத்துருவுல கடைசி கோட்டை கீழ இழுத்து ஒரு வால் விட்டு வித்தியாசம் காட்டுவாங்க, திரையில பெருசா பாக்கும்போது அது தெரியும். 9 பாயிண்ட்ல அச்சடிச்சு ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்துட்டா வாலு காணாம போயிடும். தகர பலகையில கையால எழுதுறப்போ பெயின்டர் வாலை கம்மியா விடுவார், எழுத்துன்னு நினைச்சு விடாமலும் போயிடுவார்.

இப்ப ஒரு தெருவை வெச்சு பாப்போம். 12ஆம் மனையை அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டாங்க, ஒருத்தருக்கு 12, இன்னொருத்தருக்கு 12-அ. நம்ம ஊர்ல எங்கயும் நடக்கிறதுதான். அதே தெரு நீளமா போய் 128ஆம் எண் வீடும் இருக்கு. இடமதிப்பு முறையில பலகை எழுதினா முதல் வீடு ௧௨, ரெண்டாவது ௧௨-அ, கடைசியில இருக்கிறது ௧௨௮. நடுவுல இருக்கிற சின்ன கோடு அழிஞ்சு போச்சுன்னா ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணு. கூரியர் பையன் தப்பான வீட்டுக்கு போறதோட முடிஞ்சா பரவாயில்ல, ஆம்புலன்ஸ் வந்தா? பழைய முறையில எழுதினா 128 வந்து ௱௨௰௮னு ஆகும், 12-அ வந்து ௰௨-அ, இந்த குறிப்பிட்ட குழப்பம் தீந்துடும், ஆனா அந்த தெருவுல ௱ன்ற குறி யாருக்கு தெரியும்னு அடுத்த கேள்வி வரும். 12, 12-அ, 128ன்னு எழுதினா எந்த சிக்கலும் இல்ல, எண் வேற எழுத்து வேறன்னு கண்ணுக்கே தெரியுது.

நிலப் பத்திரத்துல இது இன்னும் மோசம். சர்வே எண் 45/2அ1ன்னு உட்பிரிவு வருதுன்னு வெச்சுக்கங்க, அதை ௪௫/௨அ௧ன்னு எழுதி ஜெராக்ஸ் எடுத்தா 45/281ன்னு படிக்கவும் இடம் இருக்கு. சட்ட வரைவும் அப்படிதான், பிரிவு 4(1)(அ)ன்றதை ௪(௧)(அ)ன்னு போட்டா பாக்கிறவங்க கண்ணுக்கு ச(க)(அ)ன்னு மூணும் எழுத்தா தெரியும். அரசாணை, விண்ணப்பம் எல்லாத்துலயும் உட்பிரிவுக்கு அ, ஆ, இன்னு போடுறது நம்ம வழக்கம், அந்த வழக்கத்தை வெச்சுக்கிட்டே எண்ணையும் தமிழ் எண்ணா மாத்துறது ஒண்ணை ஒண்ணு கடிக்கும். எழுத்தும் எண்ணும் ஒட்டி நிக்கிற எந்த இடத்துலயும் 0-9தான் போடணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

சில இடத்துல சட்டமே முடிவு பண்ணி வெச்சிருக்கு. ஒன்றிய அரசு வேலைக்கு இந்திய எண்களோட சர்வதேச வடிவம்னு அரசமைப்பு 343ஆம் பிரிவு சொல்லுது, எடை அளவு விலை விஷயத்துல 2009 சட்ட அளவியல் சட்டமும் அதேதான். வண்டி நம்பர் பிளேட்டுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 50 இருக்கு, அதுல எழுத்து ஆங்கிலம், எண் 0-9. ஆசைக்கு தமிழ் எண்ல எழுதினா அபராதம்தான்.

அளவை சொல்லாத எண்கள் இன்னொரு வகை. மயிலாப்பூர் பின்கோடு 600004 எடுத்துக்கோங்க. அதை பழைய முறையில எழுதினா ஆறு நூறாயிரத்து நாலு, ௬௱௲௪ன்னு ஆகும், கணக்கு சரிதான், ஆனா ஆறு இலக்கம்ன்ற அடையாளமே போச்சு. சென்னை போன் கோடு 044ஐ பழைய முறையில எழுதவே முடியாது, முன்னாடி வர்ற சுழியத்துக்கு அங்க இடமில்ல. அதனால பின்கோடு, போன், ஆதார், ஐஎஸ்பிஎன் இதுக்கெல்லாம் பழைய முறை ஆகாது. இடமதிப்பு முறையில எழுதலாம், ஆனா அதை பாத்து போன்ல அழுத்தணும்னா மறுபடி மனசுக்குள்ள மாத்தணும், ஒரு இலக்கம் தப்பினா வேற யாருக்கோ போகும்.

கம்ப்யூட்டர் படிவம் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். யூனிகோட்ல ௧ முதல் ௯ ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு, ௦ மட்டும் 2005ல 4.1 பதிப்புலதான் வந்துச்சு. ௦ முதல் ௯ வரைக்கும் இலக்கம்னு பதிவாகியிருக்கு, ௰ ௱ ௲ அப்படி இல்ல. பைத்தான்ல போட்டு பாத்தா தெரியும்:

```
int("௧௨")   # 12
int("௰௨")   # ValueError
```

ஜாவாஸ்கிரிப்ட்ல `Number("௧௨")` போட்டா `NaN`தான். ஒரே படிவம், பிரவுசர்ல ஒரு மாதிரி சர்வர்ல ஒரு மாதிரி நடந்துக்கும். அதனால பயனர் எதை தட்டினாலும் உள்ள சேமிக்கிறது 0-9லயே இருக்கட்டும், காட்டும்போது வேணும்னா மாத்திக்கலாம். வலைப்பக்கத்துல பட்டியலுக்கு `list-style-type: tamil` போட்டா ௧, ௨ன்னு தானா வரும், பத்துக்கு ௰ வராது ௧௦ன்னு வரும், பழைய முறை எதிர்பார்த்தவங்க அதை கவனிக்கணும்.

கணக்கு பட்டியல், விலைப்பட்டியல்ல தமிழ் எண் போடாம இருக்க வேற காரணம். நிறைய தமிழ் எழுத்துருக்கள்ல எண்களோட அகலம் ஒண்ணுபோல இருக்காது, ௫ம் ௬ம் பரந்து நிக்கும், ௧ ஒடுங்கி நிக்கும், ஒண்ணு பத்து நூறு நேர்கோட்டுல நிக்காது, கூட்டிப் பாக்கவே கண்ணு வலிக்கும்.

இவ்வளவும் சொன்னதால தமிழ் எண்ணை ஒதுக்க சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. புத்தகத்துல அதுக்குன்னே அமைஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, முன்பக்கங்கள். பதிப்புரை, முன்னுரை, நன்றியுரை வர்ற பக்கங்களுக்கு ஆங்கில புத்தகத்தை பாத்து i, ii, iiiன்னு ரோமன் எண் போடுற தமிழ் புத்தகங்களை பாத்தா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும். ரோமன் எண் போடுறதுக்கு ஒரே காரணம் நூலோட பக்க எண்லேர்ந்து இதை பிரிச்சு காட்டணும்ன்றதுதான், அந்த வேலையை ௧, ௨, ௩ அழகா செய்யும். முன்பக்கம் இருபதுக்குள்ளதான் இருக்கும், ௱ தேவைப்படாது, அதனால இங்க பழைய முறையையே எடுக்கலாம், ௰, ௰௧, ௰௨ன்னு. வரிசையா போறதால ஊகிக்கவும் முடியும். ஒண்ணே ஒண்ணு, பொருளடக்கத்துலயும் அதே முறையில வரணும், உள்ள ௰௪ன்னு போட்டுட்டு பொருளடக்கத்துல 14ன்னு போட்டா வாசகர் நூலோட 14ஆம் பக்கத்துக்கு போயிடுவார்.

அத்தியாய எண்ணும் அப்படிதான், தாராளமா போடலாம். ஆனா செய்யுள் எண்ல நான் மாறுபடுறேன். சுவடியில பாட்டு எண் தமிழ்லதான் இருக்கும், பதிப்புலயும் அப்படியே விடலாமேன்னு கேப்பாங்க. திருக்குறள்ல 1330 குறள், யாரும் வரிசையா படிக்கிறதில்ல, குறள் 391ன்னு யாரோ மேற்கோள் காட்டுவாங்க, அதை தேடி புரட்டுவோம். ௩௱௯௰௧ஐ பாத்து இது 391ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கணக்கு போடுறது தேடலை மெதுவாக்கும். அதிகார எண்ணை தமிழ்ல போட்டு குறள் எண்ணை 0-9ல விடலாம், ரெண்டும் குழம்பாம இருக்கிறது கூடுதல் லாபம்.

பலகையில ரெண்டையும் சேத்து போடுறது நல்ல வழி. புதுக்கோட்டை பக்கம் ஆங்கிலேயர் காலத்து மைல் கல்லுல தமிழ் எண்ணும் வேற எண்ணும் சேர்ந்தே செதுக்கியிருக்காங்க. இன்னிக்கு தெரு பேர் பலகையிலயோ நூலக அலமாரியிலயோ போடுறதா இருந்தா 0-9 பெருசா, தமிழ் எண் அதுல பாதி உயரத்துல கீழ. சம அளவுல பக்கத்துல பக்கத்துல போட்டா 12 ௧௨ன்னு ஒரே எண்ணா ஓடிடும். எழுதி முடிச்சதும் 0-9, பேர் எல்லாத்தையும் மறைச்சு தமிழ் எண்ணை மட்டும் விஷயம் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டி படிக்க சொல்லுங்க, தயங்கினாங்கன்னா அந்த இடத்துக்கு தமிழ் எண் தனியா போதாது.

கல்யாண பத்திரிகை அடிக்கிற அச்சகங்கள் இதுல ஒரு நல்ல வழியை ரொம்ப காலமா வெச்சிருக்காங்க. "நிகழும் மங்களகரமான குரோதி ௵ தை ௴ 10 ௳ (23.01.2025) வியாழக்கிழமை"ன்னு போடுவாங்க, வருஷம் மாசம் தேதிக்கு தமிழ் குறி, எண் மட்டும் 0-9. குறி தெரியாதவங்களுக்கும் அடைப்புக்குள்ள தேதி இருக்கு, தெரிஞ்சவங்களுக்கு குறி இருக்கு, ஒருத்தரும் முகூர்த்தத்தை தவற விடுறதில்ல. கோயில் விழா நோட்டீஸ், சங்கத்து ஆண்டு விழா அழைப்பிதழ் அடிக்கிறவங்க இதை அப்படியே எடுத்துக்கலாம், ௳க்கு முன்னாடி இருக்கிற எண்ணையும் ௰ன்னு மாத்தணும்னு யாராவது கேட்டா, அடைப்புக்குள்ள இருக்கிற தேதியை எடுக்காத வரைக்கும் மாத்திக் கொடுக்கலாம்.